"அப்பத்தா பணியாரம் சுட்டாக": காலமும் விகுதியும் பிடிபட்ட வழி

எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் வாயில் வினைச்சொல் தப்பே வராது. ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளிடம் "நேத்து என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் கால்மணி நேரம் பேசுவாள். அதையே எழுதச் சொன்னபோது நோட்டில் இப்படி இருந்தது: "அப்பத்தா பணியாரம் சுட்டாக. ஐயா வந்தார்கள். மாடுகள் மேய்ந்தது. நாளை அவர்கள் மரம் வளர்வார்கள்." நான்கு வாக்கியத்தில் மூன்று பிழை. ஆனால் விகுதி அட்டவணை அவளுக்கு மனப்பாடம். ஏன், ஓம், ஆய், ஈர் என்று கேட்டதும் ஒப்பிப்பாள்.

நானும் பள்ளியில் அப்படித்தான் இருந்தேன். அட்டவணை தெரியும், மதிப்பெண் வராது. அதனால் அட்டவணையை மூடி வைத்துவிட்டு, அவள் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்லிலிருந்து தொடங்கினோம். கோடை விடுமுறையில் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து செய்த பயிற்சி இது.

முதலில் சொல்லை வெட்டிப் பார்க்க வேண்டும். 'படித்தேன்' என்பதில் படி என்பது வேலை. த்த் என்பது எப்போது என்று சொல்கிறது. ஏன் என்பது யார் என்று சொல்கிறது. நடுவில் இருப்பதை மட்டும் மாற்றினால் படிக்கிறேன், படிப்பேன். கடைசியை மட்டும் மாற்றினால் படித்தாய், படித்தான், படித்தாள், படித்தோம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொன்னால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். ஒரு நாள் கடைசி, மறுநாள் நடு என்று பிரித்துக்கொண்டோம்.

கடைசியைப் பிடிப்பது எளிது, ஏனென்றால் பேச்சிலேயே அது இருக்கிறது. நான் வந்தே என்றால் வந்தேன். நீ வந்த என்றால் வந்தாய். அவ வந்தா என்றால் வந்தாள். நாங்க வந்தோம் அப்படியே நிற்கும். நம் ஊருக்கே உரிய இரண்டு மட்டும் கவனிக்க வேண்டும்: 'வந்தீக' என்பது வந்தீர்கள், 'வந்தாக' என்பது வந்தார் அல்லது வந்தார்கள். அப்பத்தா ஒருவர்தான், மரியாதைக்காக 'சுட்டாக' என்கிறோம். எழுத்தில் சுட்டார் என்றாலும் சரி, சுட்டார்கள் என்றாலும் பிழையில்லை. ஆனால் ஒரு கட்டுரைக்குள் அப்பத்தா ஒரு வரியில் 'சுட்டார்', அடுத்த வரியில் 'கொடுத்தார்கள்', அதற்கடுத்து 'சொன்னாள்' என்று மாறக்கூடாது. ஒருவருக்கு 'ஆர்', பலருக்கு 'ஆர்கள்' என்று வைத்துக்கொண்டால் படிப்பவருக்கும் குழப்பம் இல்லை.

அப்புறம் நடு. இறந்தகாலத்தில் பேச்சு ஒரு வேலை செய்கிறது. பகுதி இ, ஐ, ய் இவற்றில் முடிந்தால் த்த் என்பது ச்ச் ஆகிறது, ந்த் என்பது ஞ்ச் ஆகிறது. படிச்சான், சிரிச்சாள், ஒடஞ்சது, மேஞ்சது. எழுதும்போது திருப்பிப் போட்டால் போதும்: படித்தான், சிரித்தாள், உடைந்தது, மேய்ந்தது. இதில் செய், பெய், நெய் மூன்றும் தனி. 'செஞ்சான்' என்பதைச் 'செய்ந்தான்' என்று எழுதுகிற பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அது விதியைச் சரியாகப் பின்பற்றியதால் வந்த பிழை. அன்றாடச் சொற்களில் ய் எழுத்துக்கு முன் குறில் இருந்தால் த் மட்டும் வரும்: செய்தான், பெய்தது, நெய்தாள். நெடில் இருந்தால் ந்த்: மேய்ந்தது, பாய்ந்தது, தேய்ந்தது.

'படிச்சுச்சு' மாதிரிச் சொல்லில் இரண்டு ச்ச இருக்கிறது. முதலாவது காலம், அது த்த் ஆகும். இரண்டாவது விகுதி, அது 'அது' ஆகும். ஆகப் படித்தது. 'வந்துச்சு' என்பதில் இருப்பது விகுதி மட்டும், வந்தது. சுடு, போடு, நடு, பெறு போன்றவற்றில் இடையில் எதுவும் வராமல் பகுதியே இரட்டித்து இறந்தகாலம் காட்டும்: சுட்டார், போட்டார், நட்டார், பெற்றார்.

நிகழ்காலத்துக்கு வரும்போதுதான் தேர்வில் மதிப்பெண் போகிறது. சில வினைகள் 'கிறு' எடுக்கும், சில 'க்கிறு' எடுக்கும். செய்கிறான், ஓடுகிறான், படிக்கிறான், நடக்கிறான். இதைத் தெரிந்துகொண்டால் எதிர்காலம் கூடவே வந்துவிடும். க்கிறு எடுத்தது ப்ப் எடுக்கும், அஃறிணையில் க்கும் எடுக்கும்: நடக்கிறான், நடப்பான், நடக்கும். கிறு மட்டும் எடுத்தது வ் எடுக்கும், வெறும் உம் எடுக்கும்: ஓடுகிறான், ஓடுவான், ஓடும். கேள், நில் போன்றவற்றில் அந்தக் க் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, ள் என்பது ட், ல் என்பது ற் ஆகிவிடும்: கேட்கிறான், கேட்பான், கேட்கும், நிற்கிறான், நிற்பான், நிற்கும். விலகி நிற்பவை ண், ன் இறுதிச் சொற்கள்: உண்கிறான், உண்பான், தின்கிறான், தின்பான், காண்கிறான், காண்பான்.

இறந்தகாலத்தை வைத்து இதை ஊகிக்கலாமா என்று கேட்டாள். த்த் வந்தால் பெரும்பாலும் ஊகிக்கலாம், ந்த் வந்தால் முடியாது. நடந்தான், உடைந்தது இரண்டிலும் ந்த் இருக்கிறது. ஆனால் ஒன்று நடக்கிறது, மற்றது உடைகிறது. ஆகவே ந்த் வந்தால் நின்று, அந்தச் சொல்லின் நிகழ்காலத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஒரே பகுதி இரண்டு விதமாகவும் நடக்கும். 'மரம் வளர்வார்கள்' என்று அவள் எழுதியது இங்கே தடுக்கியதால்தான். மரம் தானாக வளர்ந்தது, வளர்கிறது, வளரும். நாம் அதை வளர்த்தோம், வளர்க்கிறோம், வளர்ப்போம். தானாக நடப்பது மெலிந்து வரும். ஒருவர் ஒன்றைச் செய்வது அழுத்தி வரும். உடை, சேர், பிரி, நனை எல்லாம் இப்படித்தான். சந்தேகம் வந்தால் 'எதை?' என்று கேட்டுப் பார்க்கலாம். 'எதை வளர்ப்பார்கள்?' 'மரத்தை.' பதில் வந்துவிட்டதால் அழுத்தம் வேண்டும். இந்தக் கேள்வி எல்லா வினைக்கும் செல்லாது. நடக்கிறான், சிரிக்கிறான் என்பவற்றில் 'எதை' கிடையாது, ஆனாலும் க்கிறு உண்டு. ஒரே பகுதி இரண்டு விதமாக வரும் இடத்தில் மட்டும் கேட்க வேண்டும்.

அஃறிணைக்கு மூன்று செய்தி போதும். பன்மைக்கு 'அன': மாடுகள் மேய்ந்தன. பேச்சில் 'மாடுக மேஞ்சுச்சு' என்றே ஒருமையாகச் சொல்வதால் காது இங்கே உதவாது. எழுவாயில் 'கள்' இருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். நிகழ்காலப் பன்மையில் கிறு என்பது கின்று ஆகும்: மேய்கின்றன. 'மேய்கிறன' என்று ஒரு சொல் இல்லை. எதிர்காலத்தில், இன்றைய உரைநடையில், ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம்: மாடு மேயும், மாடுகள் மேயும்.

இனி நாங்கள் செய்த பயிற்சிகள். ஒரு நாளைக்கு ஒன்று. விடையை மறைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

முதல் படி: பேச்சை எழுத்தாக்குக.
நான் வாங்குனே. நீ சிரிச்ச. அவுக சொன்னாக (ஒருவர்). நீங்க எப்ப வந்தீக? பால் பொங்குச்சு. அம்மா சேலை நெஞ்சா.

விடை: வாங்கினேன். சிரித்தாய். அவர் சொன்னார். எப்போது வந்தீர்கள்? பொங்கியது. நெய்தாள் அல்லது நெய்தார். (இன் எடுக்கும் வினை 'அது' முன் வரும்போது ன் போய்விடும், பொங்கினேன், ஆனால் பொங்கியது.)

இரண்டாம் படி: 'நான்' என்பதற்கு மூன்று காலத்திலும் எழுதுக. குடி, எழுது, நில், தின், மற.

விடை: குடித்தேன், குடிக்கிறேன், குடிப்பேன். எழுதினேன், எழுதுகிறேன், எழுதுவேன். நின்றேன், நிற்கிறேன், நிற்பேன். தின்றேன், தின்கிறேன், தின்பேன். மறந்தேன், மறக்கிறேன், மறப்பேன்.

மூன்றாம் படி: நிகழ்காலத்தில் நிரப்புக.
கொடியில் கண்டாங்கிச் சேலை (காய்). கொல்லையில் மாமரம் (காய்). தம்பி உண்டியலில் காசு (சேர்). நாங்கள் புதுப் பள்ளியில் (சேர்). கோயிலில் அவர்கள் தேங்காய் (உடை). கைதவறினால் கண்ணாடி (உடை).

விடை: காய்கிறது, காய்க்கிறது, சேர்க்கிறான், சேர்கிறோம், உடைக்கிறார்கள், உடைகிறது. முதல் இரண்டும் எங்கள் வீட்டில் பெரிய சண்டையாகிவிட்டது. சேலை காய்வதும் மரம் காய்ப்பதும் ஒரே 'காய்' போலத் தெரிந்தாலும் பொருள் வேறு, நடுவும் வேறு. சேலை காய்ந்தது, மரம் காய்த்தது.

நான்காம் படி: கீழே உள்ளதை முதலில் இறந்தகாலத்துக்கும், பிறகு எதிர்காலத்துக்கும் மாற்றுக.
ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறவர்கள் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைக்கிறார்கள். அச்சுக்குள் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றுகிறார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்து தூவுகிறார்கள். கலவை இறுகுகிறது. கற்கள் தண்ணீரில் ஊறுகின்றன, வெயிலில் காய்கின்றன. தகட்டிலிருந்து கல் பிரிகிறது. அதன் முகம் பளபளக்கிறது.

இறந்தகாலம்: வைத்தார்கள், ஊற்றினார்கள், தூவினார்கள், இறுகியது, ஊறின, காய்ந்தன, பிரிந்தது, பளபளத்தது.
எதிர்காலம்: வைப்பார்கள், ஊற்றுவார்கள், தூவுவார்கள், இறுகும், ஊறும், காயும், பிரியும், பளபளக்கும்.

இதில் அவள் முதல் தடவை விட்டது 'ஊறின'. 'ஊறியன' என்று எழுதியிருந்தாள். பொங்கியது என்பதைப் பார்த்துப் போட்டது. அதுவும் இலக்கணத்தில் உண்டு, ஆனால் இன்று வழக்கில் ஓடின, ஊறின, பேசின என்றுதான் எழுதுகிறோம் என்று சொல்லித் திருத்தினேன்.

ஐந்தாம் படி, மேல் வகுப்புக்கு: பகுபத உறுப்பிலக்கணம். இங்கே நாம் த்த் என்று சேர்த்துப் பார்த்ததைப் பிரித்து எழுத வேண்டும். படித்தான் = படி + த் + த் + ஆன். படி பகுதி, முதல் த் சந்தி, இரண்டாவது த் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் வினைமுற்று விகுதி. வந்தாள் = வா (வ) + த் (ந்) + த் + ஆள். வா பகுதி, அது வ எனக் குறுகியது விகாரம். த் சந்தி, அது ந் ஆனது விகாரம். த் இறந்தகால இடைநிலை. ஆள் பெண்பால் வினைமுற்று விகுதி. பிள்ளைகள் ந் என்பதையே சந்தி என்று எழுதி விகாரத்தை விட்டுவிடுகிறார்கள். இதே முறையில் நடந்தான், சிரித்தாள், செய்வார் மூன்றையும் பிரித்துப் பார்க்கலாம். செய்வார் மட்டும் சந்தியே இல்லாமல் செய் + வ் + ஆர் என்று மூன்றோடு முடிந்துவிடும். அதில் இல்லாத சந்தியைத் தேடி அவள் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.