ரசப்பொடிக்குப் பெயர் தேடி நாலு மொழி தாண்டிய கதை

பழைய வண்ணாரப்பேட்டையில் தயாராகும் ரசப்பொடி, இட்லிப்பொடிக்கு ஒரு பெயர் வேண்டும். விற்பனை சென்னையோடு நிற்காது. சூளூர்பேட்டை, நெல்லூர், பாலக்காடு, சௌகார்பேட்டை மொத்தக் கடைகள் என்று போகும். பட்டியலில் மிஞ்சியவை தொண்டி, பாட்டி, கமழ், மல்லி. முதலாளி குடும்பத்துக்குப் பூர்வீகம் தொண்டி என்பதால் அதன் மேல்தான் எல்லோருக்கும் கண்.

முதல் காசு வீணானது மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்றில். பணம் வாங்கிக்கொண்டு அகராதியைப் புரட்டி, ‘தொண்டி: பழைய துறைமுகம், நல்ல பொருள்’ என்று அழகாக அட்டை போட்டுக் கொடுத்தார்கள். தமிழ்ப் பெயருக்குத் தமிழில் பொருள் சொல்ல ஒரு நிறுவனம் எதற்கு? கேட்டது மற்ற மொழிக்காரர் காதில் அது எப்படி விழும் என்பதை.

அதற்கு ஆட்கள் வடசென்னையிலேயே இருக்கிறார்கள். தெலுங்கு பேசும் வீடுகள் வண்ணாரப்பேட்டையிலேயே உண்டு. இந்திக்கும் மார்வாடிக்கும் சௌகார்பேட்டை, உருதுக்கு மண்ணடி, மலையாளத்துக்குப் பெரம்பூர். தெலுங்குக்காரர் கேட்டதும் சிரித்துவிட்டார்: விளையாட்டில் அழுகுணி ஆட்டம் ஆடுவதுதான் அங்கே தொண்டி. மலையாளத்தில் திருட்டுப் பொருள், போலீஸ் கைப்பற்றும் சமாச்சாரம். இந்தியில் ‘தோந்த்’ என்றால் தொப்பை. கலப்படம் இல்லை என்று சத்தியம் செய்து விற்க வேண்டிய பொடிக்கு ஏமாற்று, திருட்டு, தொப்பை மூன்றும் ஒரே பெயரில்!

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம். ‘இதுக்குக் கெட்ட அர்த்தம் இருக்கா?’ என்று ஆரம்பித்தால் மரியாதைக்கு ‘இல்லைங்க’ என்பார்கள். பாக்கெட்டில் வரப்போகிற அதே எழுத்தில் பெயரை அட்டையில் எழுதி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்து, ‘இந்தப் பேர்ல என்ன சாமான் விப்பாங்க?’ வேறு எதுவும் ஞாபகம் வருகிறதா என்பது கடைசிக் கேள்வி. ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். வீட்டார் முன்னால் யாரும் கெட்ட வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். கல்லூரிப் பிள்ளை ஒருவராவது இருக்கட்டும், புதுக் கொச்சை அவர்களுக்குத்தான் தெரியும்.

அட்டை எந்த எழுத்தில் என்பது சின்ன விஷயமில்லை. ‘பாட்டி’ தமிழில் பத்தரைமாற்றுத் தங்கம். டிசைனர் அதை ஆங்கில எழுத்தில் Patti என்று போட்டதும் நெடில் காணாமல் போனது. மலையாளி அதைப் ‘பட்டி’ என்று படிப்பார், அதாவது நாய். சாப்பாட்டுச் சாமானில் நாய்! இந்திக்காரருக்கு அது காயத்துக்குக் கட்டும் பட்டி, தெலுங்கில் பருத்தி. Paatti என்று எழுதினால் கொஞ்சம் தப்பிக்கலாம். ஆனால் மொத்தக் கடை பில்லில் அந்த இரண்டாவது a கட்டாயம் விழுந்துவிடும்.

‘கமழ்’ சீக்கிரம் போய்விட்டது. Kamazh என்றால் மலையாளி சரியாகச் சொல்வார், மற்றவர் ‘கமாஸ்’, ‘கமாஜ்’ என்பார்கள். இங்கே போன் சோதனை உதவும்: பெயரைப் போனில் ஒரு தடவை சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஆர்டர் வருவது போனில்தானே. ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங் வந்தால் தேடும் பெட்டியிலும் கிடைக்காது.

‘மல்லி’ எல்லாவற்றிலும் பாஸ். தெலுங்கில் மல்லிகை, ‘மறுபடியும்’ என்பதற்கும் கிட்டத்தட்ட அதே ஒலி, மலையாளத்தில் கொத்தமல்லி. சிக்கல் வேறு பக்கம். ரசப்பொடியில் முக்கியச் சரக்கே மல்லி. 1999 வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, பொருளையே வர்ணிக்கும் சொல்லைத் தனிச் சொத்தாகக் கேட்டால் ஆட்சேபம் வரும். இதை வக்கீல் கடைசியில் சொன்னார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய ஆள் அவர்தான்.

ஆகவே கூட ஒரு சொல் சேர்த்து ‘மல்லி மாடம்’ ஆனது. Malli Madam என்ற அட்டையைச் சௌகார்பேட்டையில் எல்லோரும் ‘மேடம்’ என்றே படித்தார்கள். மாற்றவில்லை. தப்பாகப் படித்தாலும் எல்லோரும் ஒரே மாதிரி படிக்கிறார்கள், எழுதச் சொன்னால் அதே ஸ்பெல்லிங்கில் எழுதுகிறார்கள். வணிகச் சின்னப் பதிவேட்டின் இணையத் தேடலில், மசாலாப் பொடிகள் வரும் 30ஆம் வகுப்பில் ‘Wordmark’ மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், ‘Phonetic’ என்பதையும் போட்டுப் பாருங்கள்; ஒலி ஒத்தாலும் ஆட்சேபம் உண்டு.

அச்சுக்காரர் அவசரப்படுத்துவார், அசையாதீர்கள். பாக்கெட் அடிக்கும் கிரேவ்யூர் அச்சில், பெயரும் படமும் செதுக்கிய சிலிண்டர் நிறத்துக்கு ஒன்று. பெயர் மாறினால் அது வரும் சிலிண்டரையெல்லாம் மறுபடி செதுக்க வேண்டும். வணிகச் சின்ன விண்ணப்பம் போகும் வரை வெற்றுப் பையில் ஸ்டிக்கர் ஒட்டியே விற்கலாம். இப்போது அப்படித்தான் போகிறது.