ஆண்டும் நாணயச்சாலைக் குறியும் சேர்ந்து வரும் இரட்டைகள்: ஒரு ரூபாய்ப் பட்டியலில் நட்சத்திரம் செய்த வேலை

ஒரு ரூபாய் எஃகு நாணயப் பட்டியலில் இரட்டைகளைப் பிரிக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. A நெடுவரிசையில் ஆண்டு, B நெடுவரிசையில் அச்சடித்த நாணயச்சாலையின் குறி, மொத்தம் 640 வரிசைகள். ஆண்டு மட்டும் ஒன்றாக இருந்தால் அது இரட்டை அல்ல. ஆண்டும் குறியும் சேர்ந்து ஒத்துப்போக வேண்டும். எக்செல்லில் தயாராக இருக்கும் Duplicate Values இதற்கு உதவாது. இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தாலும் அது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகத்தான் பார்க்கும், பட்டியல் முழுக்கச் சிவந்துவிடும்.

எல்லோரும் முதலில் போடுவது இதைத்தான்:

```
=COUNTIFS($A$2:$A$641,$A2,$B$2:$B$641,$B2)>1
```

வேறு பட்டியலாக இருந்தால் இது போதும். நம் நாணயங்களில் சறுக்குகிறது. மும்பைக்கு ♦, நொய்டாவுக்குப் புள்ளி, ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. காசில் இருப்பதை அப்படியே தட்டினால் ஹைதராபாத் செல்லில் `*` இருக்கும், கொல்கத்தா செல் காலியாக இருக்கும். இரண்டுமே COUNTIFS-க்கு ஆகாதவை.

2000-ஆம் ஆண்டுக்கு ஐந்து வரிசைகள் என்று வையுங்கள்: மும்பை ஒன்று, நொய்டா ஒன்று, ஹைதராபாத் ஒன்று, கொல்கத்தா இரண்டு. உண்மையான இரட்டை கொல்கத்தாதான். ஃபார்முலா `*`-ஐக் குறியாக எடுத்துக்கொள்ளாது. 'எந்த எழுத்தானாலும் சரி' என்று பொருள் கொள்ளும். அதனால் ♦, புள்ளி, `*` மூன்றையும் எண்ணி, ஒற்றையாக இருக்கும் ஹைதராபாத் காசுக்கு 3 என்று காட்டும். கொல்கத்தாவில் நேர்மாறு: நிபந்தனையாகக் கொடுத்த செல் காலியாக இருந்தால் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். B-யில் 0 எங்கும் இல்லாததால் விடை 0. ஆக, ஒற்றை சிவக்கும், இரட்டை தப்பிவிடும். பட்டியலில் நட்சத்திர வரிசைகள் மட்டும் மொத்தமாகச் சிவந்தால் காரணம் இதுதான்.

`=A2&"|"&B2` என்று C-யில் ஒட்டி, அதை COUNTIF-இல் எண்ணினால் காலி செல் சிக்கல் தீரும். `2000|` என்பது `2000|` உடன் ஒழுங்காகப் பொருந்தி 2 கிடைக்கும். நட்சத்திரமோ இன்னும் மோசமாகும். `2000|*` ஐந்து வரிசைகளையும் வாரிக்கொண்டு 5 என்று நிற்கும். இப்படி ஒட்டும்போதெல்லாம் நடுவில் உள்ள `|` மட்டும் அவசியம். அது இல்லாவிட்டால், வேறொரு பட்டியலில் ஆல்பம் 1 பக்கம் 12-உம் ஆல்பம் 11 பக்கம் 2-உம் ஒரே 112 ஆகிவிடும்.

குறியைக் குறியாகவே பார்க்க வைப்பது இது:

```
=SUMPRODUCT(($A$2:$A$641=$A2)*($B$2:$B$641=$B2))>1
```

சமக்குறி ஒப்பீட்டில் `*` வெறும் `*`தான், காலி செல் காலி செல்லோடு பொருந்தும். நிற விதியாகப் போடும்போது A2 முதல் B641 வரை தேர்ந்தெடுத்து, A-க்கும் B-க்கும் முன்னால் உள்ள `$`-ஐ விடாமல் போட வேண்டும். விட்டால் B செல்லுக்கான கணக்கு C-ஐப் பார்க்கப் போய்விடும்.

இதற்கு மாறியதும் சில இரட்டைகள் காணாமல் போகும். COUNTIFS எழுத்தாக இருக்கும் 2000-ஐயும் எண்ணாக இருக்கும் 2000-ஐயும் ஒன்றாக எண்ணும், சமக்குறி எண்ணாது. `=ISTEXT(A2)` போட்டு இழுத்தால் TRUE வருபவை எல்லாம் குற்றவாளிகள். A-ஐத் தேர்ந்தெடுத்து Text to Columns, நேராக Finish, எண்ணாகிவிடும்.

இன்னொன்று, காலி செல்லுக்கு இரண்டு பொருள்: கொல்கத்தா, அல்லது இன்னும் லென்ஸில் பார்க்கவில்லை. இந்தக் குழப்பத்தை எந்த ஃபார்முலாவாலும் தீர்க்க முடியாது. ஆகவே குறிகளை எடுத்துவிட்டு MUM, KOL, HYD, NOI என்று மாற்றியாயிற்று. பார்க்காதது மட்டும் காலி. Find பெட்டியில் நட்சத்திரத்தை `~*` என்று கொடுக்க வேண்டும், வெறும் `*` கொடுத்தால் எல்லாமே HYD ஆகிவிடும். தமிழில் 'கொ' என்று போடும் எண்ணமும் இருந்தது. ஆனால் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக ஒரு விசைப்பலகை தட்டும், இரண்டாகப் பிரித்து இன்னொன்று தட்டும். திரையில் ஒன்றுபோலவே தெரியும், LEN மட்டும் 2, 3 என்று காட்டிக்கொடுக்கும். அந்த வம்பே வேண்டாம்.

பிரித்தெடுத்த உபரிகளை மாற்றுக்கு வைக்க மைலார் ஜன்னல் வைத்த அட்டை உறைகளையே வாங்குங்கள். மென்மையான பிவிசி உறை விலை குறைவுதான், ஆனால் நாளடைவில் காசில் பச்சைப் பிசுக்கு ஒட்டும், குப்ரோ நிக்கல் காசில் அது கறையாகவே நிற்கும்.

ப்ரூஃப் காசுகள் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. மும்பை நாணயச்சாலை அவற்றில் M என்ற எழுத்தைக் குறியாக இட்டாலும், பட்டியலில் அதுவும் MUM ஆகிவிடும். ஆகவே ப்ரூஃபா இல்லையா என்று சொல்ல மூன்றாவது நெடுவரிசை வைத்து, ஃபார்முலாவில் அதற்கும் ஒரு அடைப்பைப் பெருக்க வேண்டும்.