காய்கறி வண்டிக்கான குரல் அறிவிப்பு: எழுத்துப்படியை அமைக்கும் முறை

இதழியல் பட்டயப் படிப்பின் களப்பணியாக, திருநகர்ப் பகுதிக்குச் சனிக்கிழமைதோறும் வரும் காய்கறி வண்டிக்கு, வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக அனுப்பும் குரல் அறிவிப்புகளை எழுதினேன். இதே பணியை எடுப்பவர்களுக்காக, எழுத்துப்படி பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

நிதானமாகப் பேசினால் அரை நிமிடத்தில் ஏறத்தாழ ஐம்பது சொற்களே அடங்கும். ஆகவே காய்கறிகள் அனைத்தின் விலையையும் குரலில் சொல்ல முயல வேண்டாம். விலைப்பட்டியலை எழுத்தில் தனியாக அனுப்பிவிடலாம். எழுபதும் எண்பதும் அலைபேசி ஒலிபெருக்கியில் ஒன்றுபோலவே கேட்கும் என்பது இதற்கு இன்னொரு காரணம்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் வாக்கிய அமைப்பு. தமிழில் வினை கடைசியில் வருவதால், "முருங்கைக்காய், சுரைக்காய் ஆகியவை இந்த வாரம் இல்லை" என்று எழுதினால், அடுப்படியில் வேலையாக இருந்தபடி கேட்பவர் இரண்டு பெயர்களையும் வருபவையாகவே மனத்தில் வாங்கிக்கொள்வார்; கடைசிச் சொல்லின்போது குக்கர் விசில் அடித்தால் அவ்வளவுதான். பிறகு பையைப் பிரித்துவிட்டு "முருங்கைக்காய் எங்கே தம்பி?" என்று கேட்பார்கள். இல்லை என்பதை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே உணர்த்திவிட வேண்டும்: "இந்த வாரம் வராத காய் இரண்டு: முருங்கைக்காய், சுரைக்காய்." எண்ணிக்கையை முன்னே சொல்வதால், எத்தனை பெயர்களுக்குக் காதுகொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது நாள். புதன் மாலை அனுப்பிய குறிப்பை வியாழன் காலையில் கேட்பவருக்கு "நாளை" என்பது வெள்ளியாகிவிடும். இன்று, நாளை, நாளை மறுநாள் ஆகியவற்றை அறவே நீக்கிக் கிழமையைச் சொல்லுங்கள். ஆர்டருக்கான கடைசி நேரத்தை வண்டி வரும் நேரத்துக்கு முன்பே வைப்பது நல்லது; முழுவதும் கேட்காதவரும் அதையாவது கேட்டிருப்பார். இறுதியாக நான் வைத்துக்கொண்ட வடிவம் இது:

"வணக்கம், காய்கறி வண்டியிலிருந்து பேசுகிறேன். ஆர்டர் சொல்லக் கடைசி நேரம், வியாழக்கிழமை இரவு எட்டு மணி. வண்டி வருவது சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. இந்த வாரம் புதிதாக வரும் காய் இரண்டு: பீர்க்கங்காய், அவரைக்காய். வராத காய் இரண்டு: முருங்கைக்காய், சுரைக்காய். விலைப்பட்டியல் கீழே இருக்கிறது. பெயர், தெரு, எத்தனை பை என்ற மூன்றையும் சொல்லுங்கள்."

கடைசி வரி இல்லாவிட்டால் "எனக்கும் ஒரு பை" என்று மட்டும் பதில் வரும். ஒவ்வொரு பதிலும் தனித்தனி உரையாடலாகவே வந்து சேர்வதாலும், பாதிப் பேரின் பெயருக்குப் பதில் பூவின் படமோ சாமி படமோதான் முகப்பில் இருக்கும் என்பதாலும், எந்த வீடு என்று கண்டுபிடிப்பதிலேயே இரவு கழிந்துவிடும். உங்கள் எண்ணைத் தம் அலைபேசியில் சேமிக்காதவருக்குப் பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேராது என்பதால், புதிய வீடுகளில் முதல் பையைக் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.