அக்கறை அறவியல் கேள்வியும் "இதைக் காண்ட் ஒப்புக்கொள்வாரா?" என்ற சோதனையும்

தத்துவ முதுகலைப் படிப்பில் அறவியல் தாள் எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி ஏதாவது ஒரு வேடத்தில் வந்தே தீரும்: பாரபட்சமின்மையையும் பொது விதிகளையும் அடிப்படையாகக் கொண்ட கோட்பாடுகளுக்கு, ஒருவரையொருவர் பேணும் உறவுகளிலிருந்து அறத்தைப் பார்க்கும் அக்கறை அறவியல் என்ன சவால் விடுகிறது? நான் இந்தத் தாளுக்குப் படித்த விதத்தையும், பிறகு இளையவர்களின் பயிற்சி விடைகளைப் படித்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலான விடைகள் ஒரே அச்சில் இருக்கும். எல்லோருக்கும் பொருந்தும் விதியில் அறத்தைத் தேடிய காண்ட் அறிவைச் சொன்னார், அக்கறை அறவியலாளர்கள் உணர்வைச் சொல்கிறார்கள். அவர் விதியைப் பார்த்தார், இவர்கள் உறவைப் பார்க்கிறார்கள். இப்படி இரண்டு பத்தி எழுதி, இந்த அறவியலைத் தொடங்கிவைத்த நூலை எழுதிய கேரல் கில்லிகனின் பெயரையும் அது வந்த 1982 என்ற ஆண்டையும் போட்டு முடித்துவிடுவார்கள். தகவலில் பிழை இருக்காது, ஆனால் மதிப்பெண் பாதியிலேயே நின்றுவிடும். என் ஆசிரியரிடம் இதற்கு ஒரு கைவசச் சோதனை இருந்தது. சவால் என்று நாம் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும், "இதைக் காண்டே ஒப்புக்கொள்வாரே, அப்புறம் எங்கே சவால்?" என்று கேட்பார். எதிராளி தலையாட்டிவிட்டால் அது சவால் ஆகாது. எனக்கு இந்தத் தாளில் உதவியதில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விதான்.

சோதித்துப் பாருங்கள். "குடும்பத்தினர் மீது நமக்குத் தனிப் பொறுப்பு உண்டு" என்று எழுதுகிறீர்கள். "ஒவ்வொருவரும் தம் பெற்றோரைப் பேண வேண்டும்" என்பது எல்லோருக்கும் பொருந்தும் விதிதானே? காண்ட் ஒப்புக்கொள்வார். "இரக்க உணர்வும் அறத்தில் முக்கியம்" என்கிறீர்கள். 1797-இல் வெளிவந்த 'ஒழுக்கத்தின் மெய்ப்பொருளியல்' நூலில், நோயாளிகள் இருக்கும் இடத்தையும் ஏழைகள் இருக்கும் இடத்தையும் ஒதுக்கிவிட்டுப் போகாமல், இரக்க உணர்வை வளர்த்துக்கொள்வது நமது மறைமுகக் கடமை என்று அவரே எழுதியிருக்கிறார். அதுவும் போயிற்று.

கில்லிகனின் ஜேக், ஏமி கதையையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்து வாங்கப் பணமில்லை, மருந்துக்காரர் விலையைக் குறைக்க மறுக்கிறார். கணவன் ஹைன்ஸ் திருடலாமா? பதினொரு வயது ஜேக், பணத்தைவிட உயிர் பெரிது, திருடலாம் என்கிறான். அதே வயது ஏமி, திருடவும் கூடாது, மனைவி சாகவும் கூடாது, கடன் வாங்கலாம், மருந்துக்காரரிடம் இன்னும் பேசலாம், இவன் சிறைக்குப் போய்விட்டால் அவளை யார் பார்த்துக்கொள்வது என்கிறாள். அற வளர்ச்சியை அளக்க உளவியலாளர் கோல்பெர்க் வகுத்த ஆறு படிநிலை அளவுகோலில் ஏமிக்கு ஜேக்கைவிடக் குறைந்த இடம்தான் கிடைக்கிறது. இங்கே பலர் "பெண்கள் இப்படிச் சிந்திக்கிறார்கள்" என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். ஆண், பெண் வேறுபாடு பெரிதாக இல்லை என்று 1984-இல் லாரன்ஸ் வாக்கரின் தொகுப்பாய்வு காட்டியது. விடையை அந்தக் கிளையில் தொங்கவிட்டால் கிளையோடு விழும். ஏமியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. கொடுத்த இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்வது மட்டும்தான் அறச் சிந்தனையா? அல்லது அந்த இக்கட்டு இருக்கும் நிலைமையையே மாற்ற முயல்வதும் அதில் சேருமா? இந்தக் கேள்விக்குக் காண்ட் உடனே தலையாட்டிவிட முடியாது.

ஆனால் விடையின் நடுப்பகுதிக்கு நான் பயன்படுத்தியது வேறொரு எடுத்துக்காட்டு. மைக்கேல் ஸ்டாக்கர் 1976-இல் எழுதிய கட்டுரையில் வருவது. அவர் அக்கறை அறவியலாளர் அல்லர், கில்லிகனின் புத்தகமே அப்போது வரவில்லை. அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் திருத்துபவர் உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வார்.

நீங்கள் நீண்ட நாள் மருத்துவமனையில் கிடக்கிறீர்கள். பொழுது போகவில்லை, மனம் சோர்ந்திருக்கிறது. ஒரு நண்பர் மறுபடியும் பார்க்க வருகிறார். இவ்வளவு தூரம் வந்தீர்களே, எவ்வளவு நல்ல மனசு என்று நன்றி சொல்கிறீர்கள். அவரோ, "அப்படியெல்லாம் இல்லை, வருவது என் கடமை என்று பட்டது, வந்தேன்" என்கிறார். முதலில் அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று நினைக்கிறீர்கள். பேசப் பேச, அவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று தெரிகிறது. மொத்தத்தில் அதிக நன்மை தரும் செயல் எது என்று கணக்குப் போட்டு வந்திருந்தாலும் இதே கதைதான். வந்தது சரியான செயல்தான். ஆனாலும் அந்த வருகையில் ஏதோ ஒன்று இல்லாமல் போய்விட்டது.

என்ன இல்லாமல் போனது என்பதைத் துல்லியமாகச் சொல்வதில்தான் விடை நிற்கிறது. "அன்பு இல்லை" என்று எழுதினால் போதாது. நண்பர் எந்தக் காரணத்துக்காக வந்தாரோ அந்தக் காரணத்தில் நீங்கள் இல்லை. உங்கள் இடத்தில் கடமைக்குரிய வேறு எவர் படுத்திருந்தாலும் அதே காரணம் அவரை அங்கே கொண்டு வந்திருக்கும். பாரபட்சமின்மை கேட்பதும் அதுதான்: ஒருவருக்குப் பதில் இன்னொருவரை வைத்தாலும் நியாயம் மாறக்கூடாது. செய்பவர் தன் நலனுக்கும் பிறர் நலனுக்கும் நடுவே பற்றற்ற பார்வையாளரைப் போல நிற்க வேண்டும் என்று, மொத்த நன்மையை எண்ணும் பயன்வாதியான மில் 1861-இல் எழுதியது இந்த வகையைச் சேர்ந்ததே. அக்கறையிலோ, ஆளை மாற்றினால் காரணமே மாறிவிடுகிறது.

இங்கே நிறுத்தாமல் எதிர்த்தரப்புக்கு அதன் முழு பலத்தையும் கொடுக்க வேண்டும். பாரபட்சமின்மையை நடைமுறை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு நொடியும் கணக்குப் போடு என்று யார் சொன்னது? பயன்வாதியான ஹேர் 1981-இல் இரண்டு தளங்களைப் பிரிக்கிறார். அன்றாடத்தில் பழக்கத்தாலும் உணர்வாலும் நடக்கலாம். எந்தப் பழக்கங்கள் நல்லவை என்று நிதானமாக எடைபோடும் மேல்தளத்தில்தான் பாரபட்சமின்மை வேண்டும். எல்லாத் தாய்மாரும் எல்லாக் குழந்தைகளையும் சமமாக நேசித்தால் எந்தக் குழந்தைக்கும் போதிய கவனிப்பு கிடைக்காது என்பதால், தன் குழந்தையைத் தனியாக நேசிப்பதையே அந்த மேல்தளம் பரிந்துரைக்கும். பிரையன் பாரியும் 1995-இல் இதுபோல ஒரு பிரிவினை செய்து, யாரும் தூக்கிப்பிடிக்காத ஒன்றைத்தான் விமர்சகர்கள் தாக்குகிறார்கள் என்றார். நல்ல பதில். இதைக் குறிப்பிடாத விடையை நான் முதல் தரத்தில் சேர்க்க மாட்டேன்.

இனி அக்கறை அறவியல் திருப்பிச் சொல்ல என்ன இருக்கிறது? பெர்னார்ட் வில்லியம்ஸின் வாதம் ஒன்று உண்டு. மூழ்கும் இருவரில் தன் மனைவியைக் காப்பாற்றுபவன், "இவள் என் மனைவி, இத்தகைய நிலையில் மனைவியைக் காப்பாற்ற அனுமதி உண்டு" என்று யோசித்தால் அதில் ஒரு யோசனை அதிகம் என்பார் அவர். இதைச் சுருக்கமாக எழுதிவிட்டு அடுத்த வாதத்துக்குப் போய்விடுங்கள். ஏனென்றால் ஹேர் தரப்பு, அந்த யோசனை அப்போது அவன் மனதில் ஓட வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லை என்று தப்பித்துக்கொள்ளும்.

தப்பிக்க முடியாத இடம் அக்கறை அறவியலாளர் ஜோன் ட்ரான்டோவிடம் இருக்கிறது. 1993 நூலில் அவர் அக்கறையை நான்கு கட்டங்களாகப் பார்க்கிறார்: தேவையைக் கவனிப்பது, பொறுப்பை ஏற்பது, கையால் செய்வது, கடைசியாக அதைப் பெற்றவரின் எதிர்வினையை வாங்கிக்கொள்வது. மாணவர்கள் நான்கையும் ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான்காவதில்தான் விஷயமே இருக்கிறது.

படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பரவலான விதி. நல்ல விதி, காரணமும் வலுவானது. இரவு முழுக்க வலியில் முனகிக்கொண்டிருந்தவர் விடியற்காலையில்தான் கண்ணயர்கிறார். அடுத்த கால் மணியில் புரட்ட வேண்டிய நேரம். விதிக்காரர், "தூங்கினால் சற்றுத் தள்ளிப்போடலாம்" என்று விலக்கு சேர்ப்பார். சரி. ஆனால் முதுகில் ஏற்கெனவே சிவந்த இடம் இருந்தால்? அவர் தூங்கவில்லை, தொந்தரவு கொடுக்கக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார் என்றால்? விலக்குக்கு விலக்கு சேர்த்துக்கொண்டே போகலாம். இப்போது எந்த விலக்கு பொருந்துகிறது என்பதை அருகில் நின்று அவரைப் பார்ப்பவர்தான் சொல்ல முடியும். அதற்கும் மேலே, புரட்டியது சரியாக அமைந்ததா என்பதைப் பட்டியலில் போட்ட குறி சொல்லாது. புரட்டியதும் அவர் உடம்பு தளர்கிறதா, பல்லைக் கடிக்கிறாரா என்பது சொல்லும். விதிவழிக் கோட்பாட்டில் செயல் சரியா என்பதை விதியையும் நோக்கத்தையும் பார்த்தோ, விளைவை எண்ணியோ முடிவுசெய்யலாம். இங்கே பெறுபவரின் பதில் சரி, தவறை நிர்ணயிப்பதிலேயே பங்கெடுக்கிறது. நெல் நாடிங்ஸும் 1984-இல், அக்கறை மறுபக்கத்தில் ஏற்கப்பட்டால்தான் முழுமையடைகிறது என்றார். காண்ட் இதற்குத் தலையாட்ட மாட்டார். பயன்வாதி, அவருடைய வலியையும் கணக்கில் சேர்த்துவிட்டேனே என்பார். ஆனால் அவர் சேர்ப்பது ஓர் அளவை. இங்கே நோயாளி திருத்திச் சொல்லும் உரிமையுள்ள ஒரு தரப்பு.

இதே எடுத்துக்காட்டைக் குறை சொல்லவும் பயன்படுத்துங்கள். அந்தக் கூடத்தில் இன்னும் பலர் படுத்திருக்கிறார்கள். கவனிப்பவருக்கு இவரைப் பிடிக்கிறது, முகம் கொடுத்துப் பேசுகிறார். மூலைக் கட்டிலில் இருப்பவர் எரிந்து விழுவார், அல்லது வாயே திறக்க மாட்டார். அவருக்குப் புண் வந்தால் அதை முதலில் காட்டிக்கொடுப்பது பட்டியலும் நேர அட்டவணையும்தான். பாரபட்சமின்மை எதற்காக வந்தது என்பது இங்கே தெரியும். நாடிங்ஸின் தொடக்க நூல் இந்த இடத்தில் தடுமாறுகிறது. அக்கறை நிறைவடைய வழியில்லாத தொலைதூரத்துப் பசித்த குழந்தைகளுக்கு அக்கறை காட்டும் கடப்பாடு நமக்கு இல்லை என்றே அவர் எழுதினார். 1990-இல் கிளாடியா கார்ட் இதைக் கடுமையாக விமர்சித்தார். பின்னர் 2002 நூலில் நாடிங்ஸே தூரத்தவர் மீதான அக்கறையை நீதியின் அடித்தளமாக்கி இடம் கொடுத்தார். வர்ஜீனியா ஹெல்ட் 2006-இல் எடுத்த நிலைப்பாடு எனக்கு அதிகம் பிடிக்கும். அக்கறைதான் அகன்ற தளம், நீதியும் உரிமைகளும் அதற்குள்ளே தமக்குரிய இடங்களில் ஆட்சி செய்யட்டும் என்கிறார். அட்டவணை இருக்கட்டும், அதை யாருக்காக, எதற்காகப் போட்டோம் என்பதற்கான விடை அட்டவணைக்குள் இல்லை.

ஒரு மணி நேர விடை என்றால் ஏமிக்கு ஒரு பத்தி, மருத்துவமனை நண்பருக்கும் ஹேரின் பதிலுக்கும் பாதி நேரம், மீதி முழுவதும் ட்ரான்டோவுக்கும் மூலைக் கட்டிலுக்கும். வாய்மொழித் தேர்வு இருந்தால் அடுத்து வரக்கூடிய கேள்வி: "இதெல்லாம் அரிஸ்டாட்டில் சொன்ன நற்பண்பு அறவியல்தானே?" மைக்கேல் ஸ்லோட் கிட்டத்தட்ட ஆமாம் என்பார். ஹெல்ட் மறுப்பார். நற்பண்பு ஒருவருக்குள் இருப்பது, அக்கறை இருவருக்கிடையே இருப்பது. நல்ல குணமுள்ளவர் ஒருவர் கவனித்தும் அந்த உறவு மோசமாக இருக்கலாம் என்பது அவர் வாதம். நீங்கள் மேலே நோயாளியின் பதிலை வைத்து வாதாடியிருந்தால் ஹெல்ட் பக்கம்தான் நிற்க வேண்டும், நடுவில் மாறினால் கேட்பவர் விடமாட்டார்.