வாசப்படி தாண்டாத அம்மா

உதட்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்துவைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நன்கொடைக் கடிதம் ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துப் பெண் குழந்தை, அவளுடைய அம்மா, பட்ட பாடு, அறுவை சிகிச்சை, கடைசியில் தொகை. வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்காக எழுதிய கடிதம் அது. உள்ளூரிலும் அனுப்பலாம் என்று முடிவானதால் என்னிடம் வந்தது.

முதல் வடிவத்தை இரண்டு நாளில் முடித்தேன். பிழை எதுவும் இல்லை. இந்த மாதிரி வேலைகளை அனுப்புவதற்கு முன் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். ஓய்வு பெற்றவர், வருஷம் தவறாமல் நாலைந்து இடங்களுக்குப் பணம் அனுப்புகிறவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கும்மா. பாவம், இது எந்த நாட்டுல நடந்தது?" என்றார்.

ஊர் பெயர் இல்லாவிட்டாலும் மாவட்டத்தின் பெயர் முதல் பத்தியிலேயே இருந்தது. அவர் காதில் அது விழவே இல்லை. அந்த அளவுக்கு மற்ற வாக்கியங்கள் எல்லாம் எங்கிருந்தோ வந்தவையாக இருந்திருக்கின்றன.

வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். "மகளின் முகத்தைக் கண்டதும் என் இதயம் நொறுங்கிப்போனது" என்று அந்த அம்மா சொல்வதாக எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் இருந்தது அதுதான். ஆனால் பிரசவ வார்டில் படுத்திருக்கும் எந்தக் கிராமத்துப் பெண்ணும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அப்போதுதான் உறைத்தது: இந்த அம்மா முதலில் பேசியதே தமிழில்தானே? களப்பணியாளர் தமிழில் கேட்டு எழுதியிருப்பார், அதை யாரோ ஆங்கிலத்தில் சுருக்கியிருப்பார்கள், கடிதம் எழுதியவர் அந்தச் சுருக்கத்திலிருந்து எடுத்திருப்பார். மூன்று கை மாறி வந்த சொல்லை நான் நாலாவது கையாகத் தமிழுக்குத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

நிறுவனத்திடம் களக் குறிப்புகளைக் கேட்டேன். எதற்கு என்று முதலில் புரியவில்லை அவர்களுக்கு. பிறகு அந்தக் களப்பணியாளரின் எண்ணைக் கொடுத்தார்கள். இளம்பெண், நல்ல பழக்கம், கையெழுத்துக் குறிப்பைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, "அக்கா, அந்தம்மா பேசினத அப்படியே எழுதியிருக்கேன், திருத்தல" என்றார். திருத்தாததற்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

அதில் இருந்தது இது: "பொறந்ததும் எங்கையில குடுக்கல. துணியப் போத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் கெரகணத்துல வெளிய போனியான்னு கேக்கறாங்க. நான் வாசப்படி தாண்டலீங்க. ஜன்னலக்கூட தொறக்கல."

இதயம் நொறுங்கிய வாக்கியத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டேன். இதற்கு ஒரு அடைமொழி சேர்க்கவும் கை வரவில்லை.

இந்த இடத்தில் ஆங்கிலக் கடிதம் வேறொன்றும் செய்திருந்தது. 'இப்பகுதி மக்களிடையே கிரகணத்தால் இக்குறை வருகிறது என்ற மூடநம்பிக்கை நிலவுகிறது' என்று ஒரு விளக்கம். தொலைவில் இருப்பவருக்கு அது தேவைதான். தமிழ் வாசகருக்கு அது தேவையில்லை என்பது மட்டும் அல்ல, கடிதத்தையே கெடுத்துவிடும். கிரகணத்தன்று கர்ப்பிணியை வெளியே விடாத வீடுகள் நம்மில் எத்தனை! படிப்பவரே அப்படி ஒரு வீட்டில் வளர்ந்திருப்பார். அவரைப் பார்த்து 'இப்பகுதி மக்கள்' என்று கை நீட்டினால் கடிதத்தை மடித்து வைத்துவிடுவார். "வாசப்படி தாண்டலீங்க" என்ற வரியோ, செய்யாத குற்றத்துக்கு ஒரு பெண் சாட்சி சொல்லிக்கொண்டு நிற்பதை அவருக்குக் காட்டிவிடுகிறது. அதன் கீழே ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'கரு உருவாகும் முதல் மூன்று மாதங்களுக்குள் உதட்டின் இரு பக்கமும் ஒட்டாமல் போவதால் வருவது இது, கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.' மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டேன்.

அடுத்தது பால் கொடுக்கும் இடம். ஆங்கிலத்தில் துண்டு துண்டான மூன்று வாக்கியங்கள். தமிழில் அப்படியே வைத்தால் 'உணவில்லை, உறக்கமில்லை, நம்பிக்கையில்லை' என்று மேடைப் பேச்சாகிவிடுகிறது; நமக்கு அந்த ஓசை தேர்தல் கூட்டத்தைத்தான் நினைவுபடுத்தும். தொடர்ந்து, 'சிறிய உலோகக் கிண்ணத்தால் துளித்துளியாக ஊட்டினார்' என்று வந்தது. களக் குறிப்பில் அதற்கு ஒரே சொல்: பாலாடை. சில வீடுகளில் சங்கு என்பார்கள். மூக்கு நீண்ட அந்தச் சின்னப் பாத்திரத்தைக் கையில் பிடித்தவர்களுக்கு, குழந்தையை மடியில் எவ்வளவு நிமிர்த்திப் பிடிக்க வேண்டும் என்பதும் தெரியும். மேல்வாயிலும் பிளவு இருந்தால் குழந்தையால் உறிஞ்சிக் குடிக்க முடியாது, குடித்த பாலும் மூக்கு வழியாக வந்துவிடும். இவற்றை இப்படி ஒரே மூச்சில் எழுதினேன்: 'பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, மூக்கில் வந்த பாலைத் துடைத்து, மறுபடி புகட்டி முடிப்பதற்குள் அடுத்த வேளை பாலுக்கு நேரமாகிவிடும்.' எச்சங்களைக் கோத்துக்கொண்டு போகும் வாக்கியம் தமிழுக்கு இயல்பு. அந்த அம்மாவின் ஓயாத வேலையும் அதே நடையில்தான் இருந்தது. 'ஊட்டி' என்பதைவிடப் 'புகட்டி' என்பதே பொருந்தும். பாலுக்கும் மருந்துக்கும் நாம் அதைத்தான் சொல்கிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. ஆங்கில வாடை போக வேண்டும் என்று நினைத்து எழுதினால், 'கருணை உள்ளம் கொண்டோரே', 'பிஞ்சு மலர்', 'வாடும் மொட்டு' என்று கை தானாக ஓடுகிறது. இவை பஸ் நிலையத்துச் சுவரொட்டியில் ஆயிரம் தடவை படித்தவை. கண் அவற்றைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. இரண்டாவது வடிவத்தில் இப்படி நான்கு இடங்களை நானே அடித்தேன். 'மூளி' என்ற சொல்லைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. ஊரில் அந்தக் குழந்தையை அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்; வைத்தால் சுருக்கென்று தைக்கும். ஆனால் நாளை இதே கடிதத்தைப் படிக்கப்போகும் வீடுகளில் அப்படிப் பிறந்தவர்களும் இருப்பார்கள். ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவதாயிற்றே. எடுத்துவிட்டேன்.

பணம் கேட்கும் வரிதான் நெடுநேரம் பிடித்தது. 'உங்கள் பரிசு அவளுக்குப் புன்னகையைத் திருப்பித் தரும்' என்பது மூலம். பரிசு என்றால் நமக்குப் போட்டியும் பிறந்தநாளும். புன்னகையை அவள் எங்கே தொலைத்தாள், திருப்பித் தர? பிறகு வினை. 'தாருங்கள்' என்றால் வாங்கிக்கொள்வது கேட்பவராகிவிடுகிறது. 'கொடுங்கள்' என்றால் கை மூன்றாவது ஆளை நோக்கிப் போகிறது. தன்மைக்கும் முன்னிலைக்கும் தருதல், படர்க்கைக்குக் கொடுத்தல் என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது; இன்றும் 'எனக்குத் தா', 'அவனுக்குக் கொடு' என்றுதான் வாய் சொல்கிறது. கடிதம் முழுக்கத் 'தாருங்கள்' என்று எழுதியிருந்ததால் நிறுவனம் தனக்காகக் கேட்பதுபோல் இருந்தது.

கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டு, 'ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்வது, ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்றுக்கொள்வது என்று நம் ஊரில் கொடுப்பவர்கள் தாங்களே சொல்லும் சொல் அது. 'ஒரு நாளைக்கு ஒரு காபியின் விலை' என்ற ஒப்பீடு போயிற்று. அந்த இடத்தில் 'உங்கள் வீட்டுப் பிறந்தநாளில், மணநாளில், பெற்றோரின் நினைவு நாளில்' என்று வந்தது. டீச்சரம்மா பணம் அனுப்பும் தேதிகள் எல்லாம் அவைதான். மேலே இருந்த 'அன்பான நண்பரே' 'அன்புடையீர், வணக்கம்' ஆனது. அதற்கு யோசனையே தேவைப்படவில்லை.

'உங்கள்' என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். ஆங்கிலத்தின் நடைப்படி வாக்கியத்துக்கு ஒன்று வீதம் வந்திருந்தது. தமிழில் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். அதற்கு மேல் உங்கள், உங்களால், உங்களுக்கு என்று போனால் சீட்டுக் கம்பெனிக்காரர் பேச்சாகிவிடும். 27 இருந்ததை 6 ஆக்கினேன்.

தமிழ் தெரியாதவர்கள் ஒப்புதல் தர வேண்டும் என்பதால், வேறொருவரிடம் கொடுத்து என் தமிழை ஆங்கிலத்தில் மீள்மொழிபெயர்ப்புச் செய்து வாங்கினார்கள். எதிர்பார்த்ததுபோலவே கேள்விகள் வந்தன. இதயம் எங்கே, புன்னகை எங்கே, உணர்ச்சி குறைந்துவிட்டதே? மாற்றிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, வாசகரிடம் அந்த வரி என்ன செய்யும் என்று எழுதி அனுப்பினேன். அதிலும் அவர்கள் தயங்கினார்கள். கடைசியில் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் இரண்டு வடிவங்களையும் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவதில் "ஜன்னலக்கூட தொறக்கல" என்ற வரிக்கு அப்புறம் அவரால் தொடர்ந்து படிக்க முடியவில்லையாம். ஒப்புதல் வந்தது.

அச்சுக்குப் போகும் முன் இன்னொரு வேலை மிச்சம் இருந்தது. ஆங்கிலக் கடிதத்துக்கு அந்த அம்மா கையெழுத்திட்டுச் சம்மதம் கொடுத்திருந்தார். ஆனால் அது எங்கோ, அவர் பார்க்கப்போகாத மனிதர்கள் படிப்பதற்கு. தமிழ்க் கடிதம் அவர் மாவட்டத்துக்கே போகும், சொந்தக்காரர் வீட்டுக்கும் போகலாம். பழைய சம்மதத்தை வைத்துக்கொண்டு இதை அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. சொன்னேன். களப்பணியாளர் வழியாக அவரைத் தொலைபேசியில் பிடித்து, முழுக் கடிதத்தையும் நிதானமாக வாசித்துக் காட்டினேன்.

குறுக்கே பேசாமல் கேட்டார். மாமியார் சொன்ன ஒரு வார்த்தை கடிதத்தில் இருந்தது. "அது வேண்டாங்க. இப்ப அவங்கதான் பாப்பாவ வெச்சுப் பாத்துக்கறாங்க" என்றார். எடுத்துவிடுவதாகச் சொன்னேன். மாவட்டத்தின் பெயரையும் எடுக்கச் சொன்னார். பாலாடை வரும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

பிறகு கொஞ்சம் தயங்கி, "பேரு மாத்தி வெச்சிருக்கீங்கல்ல, அது எங்க நாத்தனா பேருங்க" என்றார். ஆங்கிலத்தில் யாருக்கும் தோன்றியிருக்க வழியில்லை. வேறு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். யோசிக்காமல் ஒன்று சொன்னார். பிரசவத்துக்கு முன்னாலேயே மனதில் வைத்திருந்த பெயராம். கடிதத்தில் எட்டு இடங்களில் அதை மாற்றிவிட்டு, அச்சகத்துக்கு அனுப்பினேன்.