ஃபிளாஷ் வெளுத்த முகம்: ரீடச்சிங் பிராக்டிகலுக்குப் போகிறவர்களுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது. தியரி சுமார்தான், கரைசேர்த்தது பிராக்டிகல். அதிலும் நேர் ஃபிளாஷில் வெளுத்துப்போன முகத்தைச் சரிசெய்யும் கேள்வி. அதை மட்டும் எழுதுகிறேன், மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வந்த படத்தில் ஒரு பெரியவர் சுவரோரம் நிற்கிறார். ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால் நிழல் முழுக்கப் பின்சுவரில் விழுந்திருக்கிறது. முகத்தில் மூக்கு எது, கன்னம் எது என்றே தெரியவில்லை.

ஃபோட்டோஷாப்பில் Curves-ஐத் தொடும் முன் Info பேனலைத் திறங்கள். என்னைக் கேட்டால் பாதி மார்க் இங்கேதான். நெற்றி, கன்னம், தாடை மேல் கர்சரை வைத்து G எண்ணைப் பாருங்கள். தோலில் R சீக்கிரமே 255-ஐத் தொட்டுவிடும், அதற்காகப் பதற வேண்டாம். அந்தப் படத்தில் நெற்றி 240, கன்னம் 225, தாடை 205. மொத்த முகமும் 35 எண்ணுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கிறது. வெறுமனே பிரைட்னஸைக் குறைத்தால் அதே தட்டை முகம் கறுப்பாக நிற்கும், அவ்வளவுதான். அந்த இடைவெளியை விரிக்க வேண்டும்.

Curves லேயரில் நான் வைத்த புள்ளிகள்:

- 245 அப்படியே 245. நெற்றியின் பளிச்சு குறையாது.
- 205-ஐ 160-க்கு இறக்கு. தாடையும் கன்ன ஓரமும் உள்வாங்கும்.
- 60 அப்படியே 60. தலைமுடி கரியாகாது.

லேயர் மோடை Luminosity-க்கு மாற்ற மறக்காதீர்கள். G, B இறங்கி R மட்டும் மேலேயே நின்றால் முகம் ஆரஞ்சு நிறமாகிவிடும். பக்கத்து சீட்டில் ஒருவர் படம் முழுக்க அப்படித்தான் இருந்தது, பாவம்.

அப்புறம் மாஸ்க்கை Ctrl+I அழுத்திக் கறுப்பாக்கி, மென்மையான பிரஷில் Flow 10 வைத்து முகத்தில் மட்டும் வெள்ளை பூசுங்கள். ஒரு பக்கக் கன்னத்தில் இரண்டு தடவை கூடுதலாக. இரண்டு பக்கமும் சமமாகப் பூசினால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது, முகம் திரும்பத் தட்டையாகத்தான் இருக்கும்.

லோக்கல் கான்ட்ராஸ்ட் கடைசியில். Ctrl+Shift+Alt+E போட்டு, புது லேயரில் Unsharp Mask:

```
Amount 20%  Radius 50  Threshold 0
```

ரேடியஸ் பெரிதாக இருப்பதால் தோல் துவாரங்களைக் கிளறாது, மூக்கோரமும் கண்குழியும் மட்டும் எழும்பும். Clarity-ஐ ஏற்றினால் எண்ணெய் வழிவதும் சுருக்கமும் முதலில் தெரியும், எனக்கு அது பிடிக்காது. தலைமுடிக்கும் முகத்துக்கும் நடுவே வெள்ளைக் கோடு விழுந்தால் Amount அதிகம் என்று அர்த்தம். இந்த லேயருக்கும் ஒரு மாஸ்க் போட்டு அந்த ஓரத்தை அதில் அழித்துவிடுங்கள்.

R, G, B மூன்றும் 255 ஆன இடத்தில் எந்த வளைவும் உதவாது. கீழே இழுத்தால் நெற்றியில் சாம்பல் பூசியது போலாகும். பக்கத்துத் தோல் நிறத்தை எடுத்து, தனி லேயரில் 20% அளவுக்கு லேசாகத் தடவிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.