ஆறு நோட்டும் ஒரு ஷீட்டும்: கடைக் குறிப்புகள்

ஜூலை 17, 2025, வியாழன் (ஆடி 1)

இன்றைக்கு ஆரம்பித்தாயிற்று. ஆடியில் கல்யாணம் கிடையாது, சீர் பட்சண ஆர்டரும் கிடையாது. விட்டால் இனி மார்கழிதான். மயிலாடுதுறையில் எங்களைப்போல முறுக்கு, அதிரசம், லட்டு என்று எண்ணிக்கை போட்டு ஆர்டர் எடுக்கும் கடைக்கு வருடத்தில் மூச்சு விடக் கிடைப்பது இந்த இரண்டு மாதம்தான்.

கம்ப்யூட்டருக்கு மாற வேண்டும் என்று நான் மூன்று வருடமாகச் சொல்கிறேன். மாமா தலையாட்டியது போன வைகாசியில். குத்தாலம் செல்வராஜுக்குப் போக வேண்டிய 101 அதிரசம் இன்னொரு குத்தாலம் செல்வராஜ் வீட்டு வாசலில் இறங்கியது. (இங்கே வரும் வாடிக்கையாளர் பெயர்கள் எல்லாம் மாற்றியவை.) நோட்டில் இரண்டு பேருக்கும் "குத்தாலம் செல்வராஜ்" என்று மட்டும்தான் இருந்தது. யார் எவர் என்பது கணக்கு எழுதும் அண்ணனின் தலைக்குள் இருந்தது. அன்றைக்கு அண்ணன் லீவு.

மொத்தம் ஆறு நீள நோட்டு. என்ன ஏற்றுவது, என்ன விடுவது என்று முதலில் முடிவு செய்தோம். வாடிக்கையாளர் விவரம் ஏறும். நிலுவைப் பாக்கி ஏறும். ஆவணிக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கிய ஆர்டர்கள் ஏறும். முடிந்துபோன ஆர்டர்கள் ஏறாது, நோட்டிலேயே கிடக்கட்டும். அவற்றில் டெலிவரி நாள் என்ற இடத்தில் "தை 2வது முகூர்த்தம்", "ஜெயந்திக்கு" என்றெல்லாம் எழுதியிருக்கிறது. கிருஷ்ண ஜெயந்தி எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் வருவதுமில்லை. அதையெல்லாம் தேதியாக்க உட்கார்ந்தால் அடுத்த ஆடி வந்துவிடும்.

ஜூலை 20, ஞாயிறு

எக்செல் ஷீட்டில் தட்டச்சு நடக்கிறது. பெயர், இன்ஷியல், ஊர், போன், பாக்கி, நோட்டு எண், பக்கம். கடைசி இரண்டும் எதற்கு என்று அண்ணன் கேட்டார். சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க. ஷீட்டில் இருக்கும் ஒவ்வொரு வரியும் எந்தத் தாளிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் பின்னால் எதையும் திருத்த முடியாது.

போன் எண் வரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும். நான் மறந்தேன். 91 சேர்த்து அடித்த எண்கள் எல்லாம் `9.19842E+11` மாதிரி நின்றன. 04364 என்று தொடங்கும் லேண்ட்லைன்களுக்கு முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போயிற்று. இடைவெளி, கோடு, 91 எல்லாவற்றையும் கழித்துக் கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் எடுக்க:

```
=RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(D2," ",""),"-",""),10)
```

பத்து வராதவற்றைத் தனியே சிவப்பாக்கி வைத்தேன். பாதி, ஒரு இலக்கம் விட்டுப்போன செல்போன் எண்கள். மீதி, என்றோ துண்டித்த லேண்ட்லைன்கள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. துலாக்கட்டத்தில் கூட்டம், கடையிலும் கூட்டம். ஒரு வரிகூட அடிக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

பரணில் ஒரு பழைய சிடி கிடைத்தது. பல வருடத்துக்கு முன் தீபாவளி வாழ்த்து அனுப்ப மாமா டைப் செய்து வைத்த முகவரிப் பட்டியல். திறந்தால் இப்படி:

```
jkpo;r;nry;tp
```

வைரஸ் என்று பயந்துவிட்டார் மாமா. பாமினி எழுத்துரு. அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்தின் முகத்தில் தமிழை வரைந்து வைத்தார்கள். எழுத்துரு இருந்தால் அது "தமிழ்ச்செல்வி", இல்லாவிட்டால் மேலே இருப்பதுதான். இணையத்தில் இருக்கும் மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடு ஆக்கினேன். அழகாக வந்தது.

சாயங்காலம்தான் வம்பு தெரிந்தது. ஊர் வரிசையில் வடிகட்டி போட்டால் பட்டியலில் "கொள்ளிடம்" இரண்டு தடவை வருகிறது. முன்னும் பின்னும் இடைவெளி இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தாலும் ஒன்றேதான். குறிகளை எண்ண `LEN` போட்டுப் பார்த்தேன். நான் அடித்தது 9, மாற்றியிலிருந்து வந்தது 10.

பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிப்பார்கள். முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். அந்த மாற்றி கொம்பையும் காலையும் இரண்டு குறியாகவே விட்டுவிட்டது. விசைப்பலகையில் அடித்தால் "ொ" ஒரே குறியாக வருகிறது. திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால்தான் தெரியும். கொ, சொ, பொ வரிசைக்கு ஒன்று, கோ, சோ, போ வரிசைக்கு ஒன்று என்று இரண்டு மாற்றல் போட்டேன்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(C2,UNICHAR(3014)&UNICHAR(3006),UNICHAR(3018)),
UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019))
```

பொறையாறு, கோமல், சோழம்பேட்டை எல்லாம் ஒன்று சேர்ந்தன.

எங்கள் ஊர்ப் பெயர்தான் இதைவிட மோசம். மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை, "மயிலாடு". 1982-ல் பெயர் மாறியது, ஆனால் எழுதுகிறவர்கள் கை மாறவில்லை. மாவட்டம் என்று பார்த்தால் சில வரியில் தஞ்சை, பலவற்றில் நாகை, 2020-க்கு அப்புறம் மயிலாடுதுறை. மாவட்ட வரிசையையே தூக்கிவிட்டேன். முறுக்கு டப்பா கொண்டுபோகிறவனுக்கு மாவட்டம் எதற்கு?

ஜூலை 30, புதன்

1,140 வரி. இதில் எத்தனை பேர்?

ஒரே போன், ஒரே பெயர் என்றால் ஒரே ஆள். அதில் சிக்கலில்லை, சேர்த்துவிட்டேன். ஒரே பெயர், ஒரே ஊர், வேறு போன் என்றால் சேர்க்கக் கூடாது. குத்தாலம் செல்வராஜ்கள் அந்த வகை. அண்ணனிடம் கேட்டால் சிரிக்கிறார். "ஒருத்தர் ரைஸ்மில் வீடு, இன்னொருத்தர் வாத்தியார் மவன். இதுகூடத் தெரியாதாம்மா?" தெரியாது அண்ணே, அதைத்தான் எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறேன். "அடையாளம்" என்று புதிதாக ஒரு வரிசை போட்டேன். "ரைஸ்மில் வீடு", "பிள்ளையார் கோயில் எதிர்", "சிங்கப்பூர்க்காரர் அம்மா". மூன்று சாயங்காலம் அண்ணன் டீ குடித்துக்கொண்டே சொல்ல நான் அடித்தேன். இந்த மொத்த வேலையில் உருப்படியானது இதுதான் என்று தோன்றுகிறது.

கடைசியில் நின்றது 618 பேர்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. சித்ரான்னம், காப்பரிசி, கூட்டம். ஷீட்டைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அடித்த ஷீட்டைக் கடைக் கணக்கு சாப்ட்வேரில் முதல் தடவை ஏற்றினோம். நல்லவேளை, சோதனைக்கென்று சாப்ட்வேருக்குள்ளேயே தனியாக ஒரு கம்பெனி உண்டாக்கி அதில் ஏற்றினேன்.

"வெற்றிகரமாக முடிந்தது" என்று பச்சையில் வந்தது. மாமாவுக்கு சந்தோஷம். நான் எண்ணிக்கை பார்த்தேன். அனுப்பியது 618, உள்ளே இருப்பது 583. பாக்கி மொத்தம் நோட்டுகளில் பேனாவால் கூட்டி வைத்தது 1,86,450 ரூபாய், திரையில் 1,61,200. பச்சை எழுத்தை நம்பியிருந்தால் 35 பேரும் இருபத்தைந்தாயிரம் ரூபாய்ப் பாக்கியும் போயே போயிருக்கும்.

ஆகஸ்ட் 6, புதன்

காணாமல் போன 35 பேரைத் தேடினேன். வந்தவர்களை ஒரு பக்கமும் அனுப்பியவர்களை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்ததில், போனவர்கள் எல்லாருடைய போன் எண்ணும் வேறு யாருக்காவது இருந்தது. ஒரே எண்ணில் மட்டும் ஒன்பது வீடு. ஒன்பதும் வேறு வேறு ஊர்: மணல்மேடு, செம்பனார்கோவில், பேரளம்...

அண்ணன் எண்ணைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். "இது நம்ம சமையல் காண்ட்ராக்டர் நம்பரு." கல்யாண வீட்டுக்காரர்கள் சார்பில் அவரே ஆர்டர் சொல்வார், அவர் எண்ணையே நோட்டில் எழுதிவிடுவோம். நான் பெயர் வேறு என்பதால் ஒன்பதையும் தனித்தனியாக விட்டிருந்தேன். ஆனால் சாப்ட்வேர் ஆளை அடையாளம் காண்பது செல் எண்ணை வைத்துத்தான். அதே எண் மறுபடி வந்தால் புது ஆள் என்று நினைக்காது, பழைய ஆளின் விவரம் மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேலேயே எழுதிவிடும். ஒன்பது வீட்டில் கடைசி வரியில் இருந்த வீடு மட்டும் பிழைத்தது, அதன் பாக்கியோடு. மீதியெல்லாம் அப்பாவும் மகனும் ஒரே போன், அக்காவும் தங்கையும் ஒரே போன்.

இம்போர்ட் செட்டிங்கில் "எதை வைத்துப் பொருத்துவது" என்று ஒரு இடம் இருக்கிறது. செல் எண்ணை எடுத்துவிட்டு வாடிக்கையாளர் எண் என்று வைத்தேன். எண்ணுக்கு எங்கே போவது? நோட்டும் பக்கமும்தான் இருக்கிறதே. ஐந்தாம் நோட்டு, 11-ம் பக்கம் என்றால் `5-11`. ஒரே பக்கத்தில் இரண்டு பேர் என்றால் பின்னால் ஏ, பி. காண்ட்ராக்டர் எண்ணைச் செல் வரிசையிலிருந்து எடுத்து "சொன்னவர்" என்ற வரிசைக்கு நகர்த்தினேன்.

சாப்ட்வேரில் ஏற்றுவதற்கான சிஎஸ்வி கோப்பை ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று திறந்தேன், `5-11` எல்லாம் தேதியாக மாறி உட்கார்ந்திருந்தது. டெக்ஸ்ட் என்று நான் வைத்தது ஷீட்டோடு சரி, சிஎஸ்வி அதை ஞாபகம் வைத்துக்கொள்ளாது. முன்னால் ஒரு எழுத்து போட்டு `N5-011` என்று மாற்றினேன். இனி அந்தக் கோப்பை எக்செலில் திறப்பதில்லை, நோட்பேடில் மட்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இரண்டாம் தடவை. 618 அனுப்பினேன், 618 வந்தது. பாக்கி 1,89,150. இப்போது 2,700 ரூபாய் கூடுதல்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஒன்பதால வகுத்துப் பாரும்மா." 300, மீதியில்லை. "அப்ப எங்கயோ ரெண்டு எண்ணு இடம் மாறியிருக்கு. ஆயிரத்துலயும் நூறுலயும் மூணு வித்தியாசம் இருக்கற தொகையா பாரு." பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காக வரும். அதுவே ஆயிரமும் நூறுமாக இருந்தால் 900-ன் மடங்கு. 2,700 என்பது மூன்று 900. இது எனக்கு பி.காமில் யாரும் சொல்லித்தரவில்லை.

பாக்கி இருப்பவர்கள் மொத்தமே 43 பேர். அந்தக் கணக்குக்குப் பொருந்துகிற தொகை நான்குதான். மூன்றாவதைப் பார்க்க நோட்டைப் புரட்டினேன்: 5,800. நான் அடித்தது 8,500. அந்தப் பக்கத்தை அடித்தது அமாவாசைக்கு முந்தின ராத்திரி, தூக்கக் கலக்கம்.

திருத்தியதும் 1,86,450. சோதனைக் கம்பெனியை அழித்துவிட்டு நிஜத்தில் ஏற்றினோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கோகுலாஷ்டமி ஆர்டர் மும்முரம். உப்புச் சீடை, வெல்லச் சீடை, தட்டை. எல்லாவற்றையும் நோட்டிலும் எழுதுகிறோம், திரையிலும் போடுகிறோம். ராத்திரி இரண்டையும் கூட்டிப் பார்க்கிறோம். நேற்று இரண்டு ஆர்டர் நோட்டில் மட்டும் இருந்தது, அண்ணன் போனில் வாங்கியது. இன்று ஒன்று திரையில் மட்டும் இருந்தது. ஆவணி முழுக்க இப்படி இரட்டை வேலைதான்.

ஆகஸ்ட் 16, சனி

சீடை எல்லாம் போய்ச் சேர்ந்தது. கடை சாத்துகிற நேரத்தில் காண்ட்ராக்டர் போன். ஆவணிக் கல்யாணத்துக்கு 501 முறுக்கு, 201 லட்டு.

"யார் வீட்டுக்குண்ணே?"

"என் பேர்ல போட்டுக்கம்மா, வீடு அப்புறம் சொல்றேன்."

"வீடு சொல்லாம இதுல போட முடியாதுண்ணே."

"அண்ணன்கிட்ட குடு, அவர் நோட்டுல எழுதிக்குவாரு."

அண்ணன் ஏற்கெனவே பேனாவைத் திறந்துவிட்டார்.